பட்டனின் முதுகில் ஓர் எண்

லீவைஸ் ஜீன்ஸின் வலது பின் பாக்கெட்டில், ஓரத் தையலுக்குள் செருகித் தைத்த சின்னச் சிவப்புப் பட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வெள்ளை நூலால் நிறுவனத்தின் பெயர் நெய்யப்பட்டிருக்கும். சில பேன்ட்களில் அந்தப் பெயரே இருக்காது. பதிவுபெற்ற வணிகச் சின்னத்தைக் காட்டும், வட்டத்துக்குள் இருக்கும் ஆர் எழுத்து மட்டும் ஒரு மூலையில் தெரியும். பழைய ஜீன்ஸ் வாங்கி விற்பவர்கள் மத்தியில் இப்படியொரு படம் வந்து விழுந்தால் போதும், ‘டூப்ளிகேட்’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பேரே இல்லாத பட்டைக்கு மேல் வேறென்ன ஆதாரம் வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

பெயரில்லாத அந்தப் பட்டையைத் தைத்து அனுப்புவதே லீவைஸ்தான். ஏறக்குறைய பத்தில் ஒரு ஜீன்ஸுக்கு இப்படிச் செய்கிறார்கள். எல்லாப் பட்டையிலும் பெயர் இருந்துவிட்டால், சட்டப்படி உரிமை பெயருக்கு மட்டும்தான், பட்டைக்கு இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாட வழி பிறக்கும். பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாக்கெட் ஓரத்துப் பட்டையே எங்கள் சொத்து என்று நிலைநாட்டத்தான் இந்த ஏற்பாடு. போலியைத் தடுக்க வந்த அடையாளம், அசல் பேன்ட்டையே போலி என்று சொல்ல வைக்கிறது.

படத்தைப் பார்த்து அசல், போலி சொல்லும் பழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. நேரில் தொட்டுப் பார்க்காமல் பழைய பேன்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஒற்றை அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. தையல் கோணலா, போலி. ரிவெட்டில் எழுத்து மங்கலா, போலி. இது சரியான முறை அல்ல என்பது என் கருத்து. ரிவெட், பட்டனின் பின்பக்கம், கேர் லேபிள், தையல் ஆகிய நான்கும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். காப்பி அடிப்பவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அச்சு அசலாகச் செய்துவிட முடியும். அவற்றை ஒரே ஆண்டுக்குள் பொருத்துவதில்தான் அவர் கோட்டை விடுகிறார்.

காப்பிக்குப் பதிலாகப் பிறந்தவை

அடையாளங்களுக்கு ஏன் ஆண்டு உண்டு என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் தையல் தொழில் செய்த ஜேக்கப் டேவிஸ், கூலியாட்களின் பேன்ட் பாக்கெட் மூலைகள் கிழியாமலிருக்கச் செம்பு ரிவெட் அடித்தார். சான் பிரான்சிஸ்கோ துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் அவரும் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். 1890இல் அந்த உரிமை காலாவதியானது. அதன் பிறகு ரிவெட்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அது வரப்போவது தெரிந்திருந்ததால் 1886இலேயே, இரண்டு குதிரைகள் ஒரு பேன்ட்டை எதிரெதிரே இழுக்கும் படத்தைத் தோலில் பதித்து இடுப்பில் தைக்கத் தொடங்கியிருந்தார்கள். பின் பாக்கெட்டின் வில் வளைவுத் தையலைப் போட்டியாளர்களும் போட ஆரம்பித்தபோது, தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று 1936இல் சிவப்புப் பட்டை வந்தது. 1943இல் அந்த வில் வளைவையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். அந்த வழக்கு வாசம் இன்றும் போகவில்லை. 2022இல் தில்லி உயர் நீதிமன்றம், இந்தியாவில் அந்த வளைவுத் தையல் ‘நன்கறியப்பட்ட சின்னம்’ என்று அறிவித்தது. பாக்கெட்டில் ஓடும் இரண்டு வரி நூலுக்கு அவ்வளவு மதிப்பு.

ஆக ஒவ்வொரு அடையாளமும் முந்தைய அடையாளத்தைக் காப்பி அடித்தவர்களுக்குச் சொன்ன பதில். ஒவ்வொன்றுக்கும் பிறந்த வருடம் இருக்கிறது, சிலவற்றுக்கு இறந்த வருடமும் இருக்கிறது. பின் பாக்கெட் ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று புகார் வந்ததால், 1937இல் அவற்றைப் பாக்கெட் துணிக்கு அடியில் மறைத்தார்கள். 1960களின் பிற்பகுதியில் அந்த மறைந்த ரிவெட்டையும் எடுத்துவிட்டு, மூலையில் நெருக்கமான குறுக்குத் தையல் போட்டார்கள். தையற்கூடங்களில் இதைப் பார்டேக் என்பார்கள். சிவப்புப் பட்டையில் எல்லா எழுத்தும் பெரிதாக இருந்த காலம் 1971இல் முடிந்தது. அதன் பிறகு நடுவிலிருக்கும் ‘ஈ’ சிறிய எழுத்தானது. பழைய பட்டையைச் சேகரிப்பாளர்கள் ‘பிக் ஈ’ என்பார்கள், அதற்குத் தனி விலை. அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதி 1972 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, துவைக்கும் முறையைச் சொல்லும் கேர் லேபிள் அங்கே கட்டாயமானது.

இந்த நான்கைந்து ஆண்டுகள் மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தையலும் ரிவெட்டும்

படத்தில் முதலில் கண்ணில் படுவது வில் வளைவு. இன்று அதை இரட்டை ஊசி மிஷினில் போடுகிறார்கள். இரண்டு வரியும் ஒரே இடைவெளியில் ஓடிவந்து நடுமுனையில் ஒன்றை ஒன்று வெட்டும்போது, அங்கே சின்னதாய் ஒரு வைர வடிவம் விழும். உலகப் போருக்குப் பிறகுதான் இந்த வைரம். அதற்கு முன்பு ஒற்றை ஊசியில் ஒவ்வொரு வரியாகப் போட்டார்கள். போர்க்காலத்தில் அலங்காரத்துக்கு நூல் செலவிடக் கூடாது என்று அமெரிக்க அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததால், வளைவைப் பெயின்ட்டால் வரைந்து அனுப்பினார்கள்.

கோணலான தையலை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். போருக்கு முந்தைய பேன்ட்டில் இரண்டு பாக்கெட்டும் ஒன்றுபோல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒற்றை ஊசியில் கையோட்டத்துக்குப் போட்ட வளைவு ஆளுக்கு ஆள் மாறும். போன வருடம் தைத்ததாகச் சொல்லும் பேன்ட்டில் இடது வளைவின் முனை வலதைவிட அரை விரல் இறங்கியிருந்தால் கதை வேறு. ஒரே தையல், ஒரு காலத்துக்கு அசலின் சாட்சி, இன்னொரு காலத்துக்குப் போலியின் சாட்சி.

ரிவெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிமுகத்தில் வட்டமாக நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளும் சான் பிரான்சிஸ்கோவின் முதலெழுத்துகளும் பொறித்திருக்கும். மலிவான காப்பியில் எழுத்து உருண்டு மழுங்கியிருக்கும், அல்லது எழுத்தே இராது. எழுத்தைவிட ரிவெட் உட்கார்ந்திருக்கும் விதம் அதிகம் பேசும். துணியின் கனத்துக்கு ஏற்ற நீளத்தில் ஆணி இல்லாவிட்டால் தொப்பி ஆடும், அல்லது துணியை வெட்டி உள்ளே இறங்கியிருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை வைத்து ரிவெட் எழுத்தைப் படிக்க முயலக் கூடாது. படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று எடுத்த படமென்றால் இன்னொரு குழப்பமும் உண்டு. சிவப்புப் பட்டை இடது பாக்கெட்டில் இருப்பதுபோல் தெரியும். அதற்காகவே ‘போலி’ முத்திரை வாங்கிய நல்ல பேன்ட்கள் உண்டு.

பட்டனும் லேபிளும்

முன்புற மேல் பட்டனைத் திருப்பினால், அதை அடித்த ஆணியின் தட்டையான முதுகில் ஒரு குறி இருக்கும். அது தைத்த ஆலையின் குறி. 1960கள்வரை வழக்கமாக ஓரிலக்க, ஈரிலக்க எண்ணோ ஒற்றை எழுத்தோதான். பிறகு மூன்றிலக்க எண்கள் வந்தன, அதற்கும் பிறகு எண்ணும் எழுத்தும் கலந்தவை. இவற்றில் புகழ்பெற்றது 555. சான் பிரான்சிஸ்கோவின் வேலன்சியா தெருவில், 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டி 2002இல் மூடிய ஆலையின் எண் அது.

கேர் லேபிள் உள்ள பேன்ட்களில் இதே ஆலை எண் லேபிளிலும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். பட்டனும் லேபிளும் ஒரே எண்ணைச் சொன்னால் நல்ல அறிகுறி. முரண்பட்டால் உடனே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடவும் கூடாது. பட்டன் பிடுங்கிக்கொண்டு வந்து, வேறு பேன்ட்டின் பட்டனை யாராவது அடித்திருக்கலாம். நான் அதிகம் சந்தேகப்படுவது வேறொன்றை. ஒரே விற்பனையாளரிடம் பத்து பேன்ட், அளவு வேறு, சாயம் வேறு, லேபிளில் நாடும் வேறு, ஆனால் பத்துப் பட்டனின் முதுகிலும் ஒரே எண். பட்டனை மூட்டையாக வாங்கியவரால் மட்டுமே அப்படி அடிக்க முடியும்.

காப்பி அடிப்பவர்கள் அதிகம் அலட்சியம் காட்டுவது கேர் லேபிளில். யாரும் உள்ளே பார்க்க மாட்டார்கள் என்ற துணிச்சல். இடுப்புத் தோலில் இடுப்பளவு 34 என்றிருக்க லேபிளில் 32 இருக்கும். நூலின் விழுக்காடுகளைக் கூட்டினால் நூறு வராது. இழுத்தால் ரப்பராக நீளும் துணிக்கு ‘முழுப் பருத்தி’ என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர் ‘ஃபர்ஸ்ட் காப்பி’யில் இன்னொன்றும் அடிக்கடி தட்டுப்படும். இடுப்பில் 501 என்று அச்சிட்டிருப்பார்கள், முன்னால் ஜிப் வைத்திருப்பார்கள். 501 என்றாலே பட்டன்தான், ஜிப் வைத்தது 505. (1950களில் ஜிப் வைத்த 501 ஒன்று கொஞ்ச காலம் வந்தது உண்மை. அதைக் காப்பி அடிக்குமளவுக்கு வரலாறு தெரிந்தவர் ஜிப்பை இவ்வளவு மட்டமாகத் தைக்க மாட்டார்.)

பழைய பேன்ட்டில் லேபிள் காலத்தையும் சொல்லும். அமெரிக்காவில் துவைக்கும் முறையைச் சொற்களில்தான் எழுத வேண்டியிருந்தது. சொல்லில்லாமல் வாளி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டிக் குறிகளை மட்டும் போட அனுமதி வந்தது 1997இல். ‘1970களின் அமெரிக்கத் தயாரிப்பு’ என்று விற்கும் பேன்ட்டில் வெறும் குறிகள் மட்டுமே இருந்தால் யோசிக்க வேண்டும். ஐரோப்பியச் சந்தைக்குத் தைத்ததென்றால் அந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே குறிகள் முன்பே புழக்கத்தில் இருந்தன. ஆகவே எந்த நாட்டுக்குத் தைத்தது என்பதை லேபிளிலேயே முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு 501இன் கதை

என் அக்கா மகனுக்குப் பழைய ஜீன்ஸ் பைத்தியம். சில மாதங்களுக்கு முன் ஐந்து படங்களை அனுப்பி, “மாமா, இது ஒரிஜினலா?” என்று கேட்டான். விளம்பரத்தில் ‘1960களின் பிக் ஈ 501, அமெரிக்கத் தயாரிப்பு’ என்றிருந்தது. விலை 25,000 ரூபாய். அவன் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். பக்கத் தையலின் உள்ளே சிவப்பு நூலோடிய துணிக்கரை தெரிகிறது, எனவே அசல் என்றது ஒரு கட்சி. வளைவுத் தையல் நூலில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்திருக்கிறது, எனவே போலி என்றது மறு கட்சி.

இரண்டுமே தீர்ப்புக்கு உதவாது. துணிக்கரை உள்ள டெனிம் 1980களின் நடுப்பகுதி வரை 501இல் இருந்தது, இன்றும் விலை உயர்ந்த பேன்ட்களில் இருக்கிறது. இரண்டு நிற நூல் அந்தக் காலத்துப் பேன்ட்டில் இயல்புதான்.

முதல் படத்தில் பின்பக்கம். சிவப்புப் பட்டையில் பெரிய எழுத்துகள், அப்படியானால் 1971க்கு முன். இரண்டாவது படம் பேன்ட்டைப் புரட்டி எடுத்தது. பின் பாக்கெட்டின் மூலையில் மறைந்த ரிவெட்டின் முதுகு தெரிந்தது, அப்படியானால் 1960களின் பிற்பகுதிக்கு முன். இதுவரை விளம்பரம் சொன்னது சரி. மூன்றாவது படத்தில் பட்டனின் முதுகு. 555. இங்கேதான் முதல் நெருடல். 1960களின் பேன்ட்டுக்கு மூன்றிலக்க எண் ஒட்டாது. ஆனால் பட்டன் மாற்றியிருக்கலாம் என்று சற்று முன்புதான் சொன்னேன், எனவே அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியவில்லை.

நான்காவது படத்தைப் பெரிதாக்கினோம். இடது பக்கத் தையலின் உட்புறம், இடுப்புக்குச் சற்றுக் கீழே, தையலுக்கு நடுவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ஓரம் நேராக, கத்தரித்த மாதிரி. இழை பிரிந்த நூல் அல்ல, நாடாவின் அடிக்கட்டை. அங்கே ஒரு லேபிள் தைத்திருந்திருக்கிறது, அதை யாரோ வெட்டியிருக்கிறார்கள். 1960களின் பேன்ட்டில் அந்த இடத்தில் லேபிளே கிடையாது. இல்லாத லேபிளை யாரும் வெட்ட முடியாது.

அப்படியானால் போலியா? அதுவும் இல்லை. தைத்த நேர்த்தி, மறைந்த ரிவெட், 555 மூன்றையும் சேர்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. 1990களின் பிற்பகுதியில் லீவைஸ் நிறுவனமே தன் பழைய மாடல்களை அப்படியே திரும்பத் தைத்து விற்றது. வேலன்சியா தெரு ஆலையில் தைத்தவற்றின் பட்டனில்தான் அந்த 555. அப்படி வந்த பேன்ட்டின் லேபிளை வெட்டி எடுத்து, முப்பது ஆண்டுகளை ஏற்றிச் சொல்லி விற்கிறார்கள். துணி அசல், தையல் அசல், பட்டன் அசல். ஆண்டு மட்டும்தான் பொய், ஆனால் விலையே அந்த ஆண்டுக்குத்தான்.

பையனை விற்பனையாளரிடம் கேட்கச் சொன்னேன்: உள்ளே லேபிள் எங்கே? “அந்தக் காலத்து பேன்ட்ல லேபிள் இருக்காது தம்பி” என்று பதில் வந்தது. உண்மைதான், தெரிந்த ஆள். அப்படியானால் தையலுக்குள் வெட்டிய வெள்ளை நாடா எதற்கு என்று கேட்டு, அந்த இடத்தை வட்டமிட்டு அனுப்பினான். அதற்குப் பதில் இல்லை. மறுநாள் விலை மட்டும் 9,000 ரூபாய்க்கு இறங்கியது. 1990களின் மறுதயாரிப்பு என்று தெரிந்தே அவன் வாங்கிவிட்டான். நல்ல பேன்ட்தான்.

குறிகளை ஏன் மறைக்க வேண்டும்?

ஆலை எண்களுக்கான முழுப் பட்டியலை நிறுவனம் வாங்குபவர் பார்வைக்கு வைப்பதில்லை. நாம் பேசும் ஆண்டுக்கணக்கில் பெரும்பகுதி சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான பேன்ட்களை ஒப்பிட்டுத் தேற்றியது. பட்டியலை வெளியிட்டால் காப்பி அடிப்பவருக்கு வழிகாட்டியாகிவிடும் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காப்பி அடிப்பவர் கையில் அசல் பேன்ட்டே இருக்கிறது, அதைப் பார்த்துத்தானே அச்சு வார்க்கிறார். ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு காலத்துக்கும் தனி எண்ணில் பட்டனும் லேபிளும் செய்ய அவருக்குக் கட்டுபடியாகாது என்பதுதான் பாதுகாப்பு. ரகசியத்தால் நஷ்டப்படுபவர் வாங்குகிறவர் மட்டுமே.

பழைய துணி விற்கும் இணையதளங்களுக்கும் பொறுப்பு உண்டு. இப்போது அவை கேட்பதெல்லாம் முன்புறப் படம், பின்புறப் படம், ‘100 சதவீதம் ஒரிஜினல்’ என்று ஒரு டிக். பட்டனின் முதுகு, லேபிளின் இருபக்கம், பின் பாக்கெட் மூலையின் உட்புறம், இடது பக்கத் தையலின் உட்புறம் ஆகிய நான்கு படங்களும் இல்லாமல் ஆண்டைக் குறிப்பிட்டு ஜீன்ஸ் விற்கக் கூடாது என்று விதி வைப்பதில் என்ன கஷ்டம்? வேறொருவர் விளம்பரத்திலிருந்து திருடிய படங்களும் இதில் பெரும்பாலும் சிக்கிவிடும். பின்பக்கத்தை அழகாகப் படமெடுத்துப் போடுபவர்கள் ஏராளம், பட்டனின் முதுகைப் படமெடுப்பவர்கள் குறைவு. லேபிள் வெட்டியிருந்தால் ‘லேபிள் வெட்டப்பட்டது’ என்று விலைக்குப் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். பல பேர் உடம்பில் உறுத்துகிறது என்று உண்மையிலேயே வெட்டுகிறார்கள், அவர்களுக்கு இதனால் நட்டமில்லை. 1960களை விற்பவர்தான் அந்த வரியை எழுதத் தயங்குவார்.